பாப்ளினா, பனியன் துணியா? ஒரு குழந்தைச் சட்டையை வைத்து ஒரு கணக்கு

நான்கு வயதுக் குழந்தைக்கு ஓர் அரைக்கைச் சட்டை தைக்க வேண்டும். வீட்டிலேயே தைத்து அக்கம்பக்கத்தில் விற்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படி ஒரு சின்ன உருப்படியில்தான் கை வைப்பார்கள். துணி அதிகம் போகாது, கெட்டாலும் நஷ்டம் பெரிதில்லை. கேள்வி துணி வாங்கும் இடத்திலேயே வந்துவிடும். ஈரோட்டுச் சந்தையில் மீட்டர் கணக்கில் காட்டன் பாப்ளின் எடுக்கலாம். திருப்பூர் காதர்பேட்டையில் கிலோ கணக்கில் பனியன் துணி எடுக்கலாம். இரண்டும் பருத்திதான். ஆனால் ஒன்றுக்காக வரைந்த பேட்டர்னை இன்னொன்றின் மேல் வைத்து வெட்டினால் சட்டை உதவாது. ஒன்றில் தலை நுழையாது, இன்னொன்றில் தோள் வழியும்.

காரணம் நூல் துணிக்குள் எப்படிக் கிடக்கிறது என்பதில் இருக்கிறது. பாப்ளின் தறியில் நெய்தது. நீளவாக்கில் பாவு நூல்கள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும், குறுக்கே ஊடை நூல் ஒன்று விட்டு ஒன்றாக மேலும் கீழும் புகுந்து போகும். இரண்டுமே ஏறக்குறைய நேராகக் கிடப்பதால், துணியை இழுத்தால் நூலையே இழுத்த மாதிரி. பருத்தி நூல் நீளாது. ஊடை கொஞ்சம் நெளிந்து போவதால் குறுக்கில் துளி இளக்கம் இருக்கும், அவ்வளவுதான். மூலைவாட்டில் இழுத்தால் மட்டும் கதை வேறு. பாவும் ஊடையும் சேர்ந்து போட்ட சின்னச் சின்னக் கட்டங்கள் சாய்ந்து கொடுக்கும், துணி தாராளமாக இளகும். தையல்காரர்கள் கழுத்துப் பட்டிக்கு கிராஸ் பீஸ் வெட்டுவது இதற்காகத்தான்.

பனியன் துணியில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. வட்டப் பின்னல் இயந்திரத்தில் நூல் வளைந்து கண்ணியாகி, முந்தைய வரிசைக் கண்ணிக்குள் நுழைந்து அடுத்த வரிசையை உண்டாக்குகிறது. பனியன் துணியில் சாதாரண வகையான சிங்கிள் ஜெர்சியை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். நல்ல பக்கத்தில் நீளவாக்கில் அம்புமுனைகள் அடுக்கிய வரிசை தெரியும், உள்பக்கத்தில் பிறை பிறையாகக் குறுக்குக் கோடுகள். இழுத்தால் நூல் நீளவில்லை, கண்ணியின் வடிவம்தான் மாறுகிறது. உயரமான கண்ணி அகலமாகிறது. அதனால் அகலவாக்கில் நிறையவும் நீளவாக்கில் குறைவாகவும் இளகும்.

குழந்தை கையைத் தூக்கும், குனியும், சட்டையைத் தலைவழியே மாட்டும். அதற்கெல்லாம் எங்கிருந்தாவது இடம் கிடைக்க வேண்டும். பாப்ளினில் அந்த இடத்தை வெட்டும்போதே நாம் வைக்க வேண்டும். பனியன் துணியில் துணியே இடம் கொடுக்கிறது, ஆனால் அப்படிக் கொடுத்ததைத் தையல் பிடுங்கிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். பாப்ளின் வேலையில் திறமை கத்தரியில் இருக்கிறது, பனியன் வேலையில் மெஷினில் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

கழுத்தில் தொடங்கும் கணக்கு

குழந்தையின் மார்பு 57 செ.மீ., தலைச்சுற்று 51 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இந்த வயதுக்கு இது வழக்கமான அளவு. குழந்தைச் சட்டையில் மார்பை விடக் கழுத்துதான் சிக்கல். கழுத்து ஒல்லி, தலை பெரிசு.

பாப்ளினில் மார்புக்கு 11 செ.மீ. லூஸ் வைத்து, தைத்த பின் 68 வருமாறு வெட்டலாம். கழுத்துச் சுற்று பார்வைக்கு நன்றாக இருக்க 33 செ.மீ. போதும். ஆனால் 33-இல் 51 நுழையாது. குறைவது 18 செ.மீ. முதுகுப் பக்கம் நடுவில் ஒரு கீறல் விட்டால், அதன் இரண்டு ஓரமும் திறப்போடு சேரும். அதாவது 9 செ.மீ. கீறல் 18 செ.மீ. திறப்பைக் கூட்டும். சரியாக 9 வைத்தால் காது உரசும், அழுகை வரும். 11 வைத்து, மேலே ஒரு பட்டனும் நூல் வளையமும் போட்டால் தலை தாராளமாகப் போகும். கீறலின் அடி முனைதான் முதலில் கிழியும் இடம். அங்கே உள்ளே ஒரு துண்டுத் துணி வைத்துத் திருப்பித் தைப்பது நல்லது, வெறும் மடிப்பு தாங்காது.

பனியன் துணியில் கீறல் வேண்டாம், பட்டன் வேண்டாம். மார்புக்கு 4 செ.மீ. மட்டும் கூட்டி 61 வருமாறு வெட்டினால் போதும். உடம்போடு ஒட்டி நிற்கும் டீசர்ட்டுக்கு லூஸே வைக்காமல்கூட வெட்டுவார்கள், ஆனால் நம் ஊர் வெயிலில் குழந்தைக்கு அது வேண்டாம். கழுத்தைத் தையல் கோட்டில் 40 செ.மீ. வருமாறு வெட்டி, அதில் நன்றாக நீளும் ரிப் பின்னலில் வெட்டிய 33 செ.மீ. பட்டியை இழுத்துவைத்துத் தைக்க வேண்டும். கழுத்தளவில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல் என்று ரிப் வைப்பது வழக்கம். அதைவிட நீளமாக வைத்தால் கழுத்து அலை அலையாக நிற்கும், குறைத்தால் சுருங்கிக் குவியும். தலை நுழையும்போது 33 செ.மீ. ரிப் 51 ஆக வேண்டும், அதாவது பாதிக்குச் சற்று மேல் நீள வேண்டும். நல்ல ரிப் இதைச் சிரமமில்லாமல் செய்யும். உடம்புத் துணி 40-இலிருந்து 51 ஆக வேண்டும், கால் பங்குக்குச் சற்று மேல்.

கடையிலேயே இதைச் சோதித்துவிடலாம். துணியைக் குறுக்கே மடித்து 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு விரலால் பிடித்து, மடிப்பு ஓரம் சுருளாத அளவுக்கு இழுங்கள். 13 செ.மீ. வரை சுகமாக வந்தால் இந்தக் கழுத்துக்குப் போதும். விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பது இன்னும் முக்கியம். இளகிவிட்டுத் திரும்பாத துணி நான்காவது நாளே கழுத்தில் தொங்கும்.

மேஜையில் விரித்த பிறகு

பாப்ளினை வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டால் பெரும்பாலான சுருக்கம் வெளியே வந்துவிடும். பிறகு நேர் பார்க்க வேண்டும். ஓரத்தில் கத்தரி வைத்து ஒரு ஊடை நூலை மெல்ல உருவினால் துணிக்குள் நேர்கோடு ஒன்று தெரியும், அந்தக் கோட்டில் வெட்டினால் முனை நேராகும். பேட்டர்னின் நீளத்தைக் கரைக்கு இணையாக வைத்து வெட்டுகிறோம். அவசரப்பட்டால் முன்பக்கத்தைக் குறுக்கே திருப்பி வைத்தும் பாப்ளினில் தப்பிக்கலாம். கட்டம் போட்ட துணியில் தோள் பட்டியை வேண்டுமென்றே திருப்பி வெட்டி அழகு காட்டுவதும் உண்டு.

பனியன் துணியில் அந்தச் சலுகை கிடையாது. அதிகம் இளகும் பக்கம் உடம்பைச் சுற்றி வர வேண்டும். திருப்பி வெட்டினால் மார்பு பிடிக்கும், சட்டை கீழ்நோக்கி நீண்டுகொண்டே போகும். நூல் உருவி நேர் பார்க்கவும் முடியாது, உருவினால் கண்ணி அவிழ்ந்து ஓடும். நல்ல பக்கத்து அம்புமுனை வரிசை ஒன்றைக் கண்ணால் தொடர்ந்து, சாக்பீஸால் கோடு போட்டு, பேட்டர்னின் நடுக்கோட்டை அதன்மேல் வைப்பதுதான் வழி. குழாயாக வரும் துணியின் மடிப்பு ஓரத்தை நேர் என்று நம்பக் கூடாது. அது துணியை அமுக்கிச் சுருட்டியபோது விழுந்த மடிப்பு, கண்ணி வரிசையோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் அதற்கில்லை.

இன்னொன்று காத்திருப்பது. ரோலாகச் சுற்றும்போது பின்னல் துணி நீளவாக்கில் இழுபட்டிருக்கும். பிரித்தவுடன் வெட்டினால், வெட்டிய துண்டு மேஜையிலேயே மெதுவாக நீளம் குறைந்து அகலம் கூடும். காலையில் வெட்டிய துண்டு மாலையில் பேட்டர்னோடு பொருந்தாது. ஆகவே முந்தின நாளே பிரித்து, இழுக்காமல் அடுக்கடுக்காக மடித்துப் போட்டுவிட வேண்டும். விரிக்கும்போது மேஜை விளிம்பில் துணி தொங்கக் கூடாது, தொங்கும் எடையே இழுத்துவிடும். ஊசி குத்திப் பேட்டர்னை நிறுத்துவதைவிட மேலே பாரம் வைப்பது மேல்.

சிங்கிள் ஜெர்சியின் வெட்டிய ஓரம் சுருளும். பக்கவாட்டு ஓரங்கள் உள்பக்கமாகவும், மேல் கீழ் ஓரங்கள் நல்ல பக்கமாகவும் சுருளும். கண்ணி வளைத்துவைத்த நூல் நிமிரப் பார்ப்பதுதான் காரணம். புதிதாகத் தைக்கிறவர்கள் ஓரத்தில் கொஞ்சம் கஞ்சி தெளித்து இஸ்திரி போட்டால் தைத்து முடிக்கும்வரை படுத்திருக்கும், துவைத்தால் போய்விடும். இரண்டு பக்கமும் ஒரேபோல் பின்னிய இன்டர்லாக்கும் ரிப்பும் இப்படிச் சுருளாது.

பின்னல் துணியை நான் நம்பாத இடம் ஒன்று உண்டென்றால், அது முறுக்கு. நூலில் இருக்கும் முறுக்கு அவிழப் பார்த்துக் கண்ணிகளைச் சாய்த்துவிடும். புதிதில் நேராக இருக்கும் பக்கத் தையல், இரண்டு துவைப்புக்குப் பின் வயிற்றுப் பக்கம் திரும்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இது தைத்தவர் குற்றம் இல்லை, ஆனால் ஏச்சு அவருக்குத்தான் விழும். முன்கூட்டியே அறிய, வாங்கிய துணியில் அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, கண்ணி வரிசையோடு ஒட்டிப் பக்கக் கோடும் அதற்குச் செங்குத்தாக அடிக் கோடும் வரைந்து, துவைத்துக் காயவைத்துப் பாருங்கள். 50 செ.மீ. நீளத்தில் பக்கக் கோடு 2.5 செ.மீ. நகர்ந்திருந்தால் அது 5 சதவீதம். 40 செ.மீ. நீளச் சட்டையில் தையல் 2 செ.மீ. முன்னே வரும். அதற்கு மேல் நகரும் துணியை நான் சட்டைக்கு எடுக்க மாட்டேன். பக்கத் தையலே இல்லாமல் குழாய்த் துணியில் வெட்டினால் முறுக்கு இருந்தாலும் அதைக் காட்டிக்கொடுக்கத் தையல் இருக்காது. உள்பனியன்கள் பல அப்படி வருவதில் இந்த வசதியும் அடங்கியிருக்கிறது.

அதே துண்டில் சுருக்கத்தையும் அளந்துவிடலாம். நீளம் 5 சதவீதம் சுருங்கினால், 42 செ.மீ. வேண்டிய சட்டையை 44 செ.மீ.க்குச் சற்று மேல் வெட்ட வேண்டும். முழுத் துணியையும் துவைத்துவிட்டு வெட்டினால் இந்தக் கணக்கே வேண்டாம். சிறிய அளவில் தைப்பவர்களுக்கு அதுவே நல்லது.

மெஷின் எது என்பதே முடிவு

பாப்ளின் தைக்க வீட்டில் இருக்கும் சாதாரண மெஷின் போதும். மேல் நூலும் பாபின் நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் தையல் நேராக, இறுக்கமாக உட்காரும். நெசவுத் துணி நீளாததால் தையலும் நீள வேண்டியதில்லை. ஓரம் பிரியும் என்பதால் தையலுக்கு ஒன்றரை செ.மீ. விட்டு, ஓரத்தை அடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விட்டால் அடுத்த வருடம் பிரித்து விடலாம். குழந்தை துணியில் இது சின்ன விஷயம் இல்லை.

இதே தையலைப் பனியன் துணியில் போட்டால், பார்க்க நன்றாக இருக்கும். முதல் முறை சட்டையைத் தலைவழியே இழுக்கும்போது கழுத்தில் 'பட்' என்று சத்தம் கேட்கும். துணி கால் பங்கு நீண்டது, நூலுக்கு நீள இடமில்லை, அறுந்தது. பனியன் துணிக்குப் போடுவது ஓவர்லாக் தையல், அது நீள்வதற்குக் காரணம் எளிது. அதுவும் கண்ணிதான். ஒரு செ.மீ. சாதாரணத் தையலுக்கு ஏறக்குறைய இரண்டரை செ.மீ. நூல் போகும், மூன்று நூல் ஓவர்லாக்குக்கு 14 செ.மீ. அளவுக்குப் போகும். அந்தக் கூடுதல் நூல் வளைந்து வளைந்து கிடந்து, இழுக்கும்போது நிமிர்ந்து கொடுக்கிறது. திருப்பூரில் வேலை கேட்டுப் போனால் முதல் கேள்வியே ஓவர்லாக்கா, பிளாட்லாக்கா, சிங்கரா என்பதுதான். உடம்பைச் சேர்ப்பது ஓவர்லாக், கீழ் மடிப்பைத் தைப்பது பிளாட்லாக், பட்டியும் லேபிளும் வைப்பது நேர்தையல் போடும் சிங்கர் என்று வேலை பிரிந்திருக்கிறது.

ஓவர்லாக் இல்லாதவர்களுக்கு ஜிக்ஜாக் ஓரளவு கைகொடுக்கும். அகலத்தை அரை மி.மீ., நீளத்தை இரண்டரை மி.மீ. வைத்துத் தைத்தால் தூரத்திலிருந்து நேர்தையல் போலவே தெரியும், கொஞ்சம் நீளவும் செய்யும். பக்கத் தையலுக்குப் போதும். கழுத்து ரிப்புக்கு அகலத்தைக் கூட்டி வைக்க வேண்டும். எதை வைத்தாலும் முதலில் துண்டுத் துணியில் 10 செ.மீ. தைத்து, துணி எவ்வளவு வருமோ அவ்வளவும் இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஊசியை மாற்ற மறந்தால் மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. பாப்ளினுக்குக் கூர்முனை ஊசி. அது நெருக்கமான நூல்களுக்கு நடுவில் நேராக இறங்கும். பின்னலில் அதே முனை கண்ணியின் நூலையே குத்தி அறுத்துவிடும். அன்றைக்குத் தெரியாது. ஒரு துவைப்புக்குப் பின் தையலோரம் சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாகத் தெரியும், பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் கண்ணி அவிழ்ந்து கோடாக ஓடும். பால் பாயிண்ட் ஊசியின் உருண்ட முனை நூலை விலக்கிவிட்டு நடுவில் இறங்கும். தைத்த இடத்தை இழுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓட்டை இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

இளகக் கூடாத இடமும் பனியன் சட்டையில் ஒன்று இருக்கிறது. தோள் தையல் முழுச் சட்டையின் எடையையும் தாங்குகிறது. அங்கே தையலோடு சேர்த்து ஒரு மெல்லிய நாடாவையோ பாப்ளினின் கரைத் துண்டையோ வைத்துத் தைத்தால் தோள் கீழே வழியாது. கீழ் மடிப்பு அலை அலையாக வந்தால், காலடியின் அழுத்தம் துணியை இழுத்துத் தைக்கிறது என்று பொருள். அழுத்தத்தைக் குறையுங்கள். ஓவர்லாக்கில் துணியை நகர்த்தும் பற்களில் முன்பல் வேகத்தைப் பின்பல்லைவிடக் கொஞ்சம் கூட்டினால் சரியாகும்.

கிலோவும் மீட்டரும்

விலையை ஒப்பிடுவதில் பலர் தடுமாறுவது இங்கேதான். ஒன்றை எடைபோட்டு விற்கிறார்கள், மற்றதை அளந்து விற்கிறார்கள். பனியன் துணியின் ஜிஎஸ்எம் 160 என்றால் ஒரு சதுர மீட்டர் 160 கிராம். ஒரு கிலோவில் 6.25 சதுர மீட்டர் வரும். 44 அங்குல அகலப் பாப்ளினில் ஒரு மீட்டர் என்பது 1.12 சதுர மீட்டர். ஆக ஒரு கிலோ பனியன் துணி, பரப்பளவில் ஐந்தரை மீட்டர் பாப்ளினுக்குச் சற்று மேல். கிலோ விலையை 5.6 ஆல் வகுத்துப் பாப்ளின் மீட்டர் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 180 ஜிஎஸ்எம் எடுத்தால் அதே கிலோவில் 5.5 சதுர மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். கனமான துணியின் கிலோ விலை குறைவு என்று வாங்கினால் சட்டை எண்ணிக்கை குறையும். லூஸ் குறைவாக வைப்பதாலும் தையலுக்குக் கொஞ்சமே விடுவதாலும் பனியன் சட்டைக்குத் துணியும் குறைவாகப் போகும். ஆனால் உபரித் துணி விற்கும் கடையில் ஒவ்வொரு துண்டும் ஒவ்வோர் அகலத்தில் இருக்கும், நடுவில் ஓட்டையும் கறையும் இருக்கும், அதையும் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

என் முடிவு இது. காலர், பை, முன்பட்டன் இருக்கும் சட்டை என்றால் யோசிக்காமல் பாப்ளின். பின்னலில் பட்டன்துளை போட உள்ளே ஒட்டுத்துணி வைத்தாக வேண்டும், வைத்தாலும் பாப்ளின் அளவுக்கு நிற்காது. நேர்தையல் மட்டும் போடும் மெஷின் வைத்திருப்பவர், ஓவர்லாக் வாங்கும் எண்ணமும் இப்போதைக்கு இல்லையென்றால், அவரும் பாப்ளினிலேயே இருக்கட்டும். தலைவழியே மாட்டும் வட்டக்கழுத்துச் சட்டைதான் விற்கிறது, ஓவர்லாக்கும் இருக்கிறது என்றால் பனியன் துணி வேகத்தில் ஜெயிக்கும். கீறல், பட்டன், உள்துண்டு எதுவும் இல்லாததால் பாப்ளினில் ஒன்று முடிக்கும் நேரத்தில் இதில் இரண்டு முடிக்கலாம்.

ஜிக்ஜாக் மெஷினோடு பின்னலைத் தொட்டுப்பார்க்க நினைப்பவர்கள் சிங்கிள் ஜெர்சியில் தொடங்க வேண்டாம். கொஞ்சம் கனமாக இருந்தாலும் இன்டர்லாக் எடுங்கள். ஓரம் சுருளாது, கண்ணியும் எளிதில் ஓடாது. கையில் ரிப் இல்லையென்றால் அதே துணியில் குறுக்காக ஒரு பட்டி வெட்டிக் கழுத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ரிப் அளவுக்கு அது நீளாது, ஆகவே கழுத்தை 40-க்குப் பதில் 44 செ.மீ. வெட்டி, பட்டியை 39 வைத்து, குழந்தையின் தலையில் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தையுங்கள்.